உடைந்த எழுத்தோடு வந்த மடல் இரண்டாம் முறையும் அப்படியே வந்தால்

உதவி மையத்தில் உட்கார்ந்து பயனர்களின் மடல்களைப் படிக்கும் வேலை சில வருடம் பார்த்தேன். அங்கே அடிக்கடி வரும் ஒரு மடல் இப்படி இருக்கும்:

```
à®ªà®£à®®à¯ à®µà®°à®µà®¿à®²à¯à®²à¯ˆ 48213
```

கடைசியில் இருக்கும் எண்ணைத் தவிர ஒன்றும் புரியாது. "எழுத்து உடைந்து வந்திருக்கிறது, மறுபடி அனுப்புங்கள்" என்று பதில் போடுவோம். பத்து நிமிடத்தில் மறுபடி வரும், எழுத்துக்கு எழுத்து அதே வரி. இந்த இடத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். மறுபடியும் "மறுபடி அனுப்புங்கள்" என்பார்கள், இல்லையென்றால் ஏதோ குப்பை மடல் என்று மூடிவிடுவார்கள். நாங்களும் அப்படி ஒன்றை மூடியிருக்கிறோம். ஒரே குப்பை இரண்டு தடவை வந்ததால் யாரோ நிரல் வைத்து அனுப்புகிறார்கள் என்று நினைத்துவிட்டோம், மறுபக்கம் ஒரு மனிதர் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

முதல் மடல் "ஏதோ கோளாறு" என்று மட்டும்தான் சொல்கிறது. என்ன மாதிரிக் கோளாறு, எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதை இரண்டாவது மடல்தான் சொல்லத் தொடங்குகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் ஒரு சின்ன சரிபார்ப்பு. இரண்டாவதை அனுப்பியது உண்மையிலேயே அந்த மனிதரா? சில சமயம் நடுவில் இருக்கும் மடல் சேவையகம் முதல் தடவை போய்ச் சேர்ந்ததா என்று உறுதியாகத் தெரியாமல் அதே மடலைத் திரும்பத் தந்துவிடும். மடலின் மூல வடிவத்தைத் திறந்தால் `Message-ID` என்று ஒரு வரி இருக்கும். இரண்டிலும் அது ஒன்றாகவே இருந்தால் ஒரே மடல் இரண்டு தடவை வந்து சேர்ந்திருக்கிறது, அவர் மறுபடி எதுவும் செய்யவில்லை. வேறு வேறாக இருந்தால் இரண்டாவது மடல் தனியாக அனுப்பப்பட்டது. நேரத்தையும் பாருங்கள். நம் பதில் போவதற்கு முன்பே இரண்டாவது வந்துவிட்டதென்றால், எழுத்து உடைந்த விஷயமே அவருக்குத் தெரியாது, பதில் வரவில்லையே என்றுதான் மறுபடி அனுப்பியிருக்கிறார்.

சரி, அவர்தான் அனுப்பினார், அப்படியே அதே உடைசல். இதற்கு என்ன அர்த்தம்?

வழியில் ஏதோ தற்செயலாகக் கெட்டுப்போயிருந்தால், இரண்டாவது தடவை வேறு இடத்தில், வேறு விதமாகக் கெட்டிருக்கும். தற்செயல் ஒரே இடத்தில் ஒரே மாதிரி இரண்டு தடவை நடப்பது அரிது. அப்படியே திரும்ப வருகிறதென்றால் ஏதோ ஒரு கருவி ஒரு விதியைப் பிசகாமல் பின்பற்றுகிறது, அந்த விதிதான் தவறு. அப்படிப்பட்ட விதிக்கு நூறு தடவை அதே மடலைக் கொடுத்தாலும் நூறு தடவையும் அதே விடைதான். எனவே "மறுபடி அனுப்புங்கள்" என்பதற்கு இனி எந்தப் பயனும் இல்லை. இரண்டாவது மடல் தரும் முதல் செய்தி இது.

அது என்ன விதி என்று ஒரே ஒரு எழுத்தை எடுத்துப் பார்ப்போம். "ப" என்ற எழுத்துக்கு யூனிகோடில் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைக் கோப்பிலோ மடலிலோ எழுதி வைக்க இன்று பெரும்பாலும் பயன்படும் முறை UTF-8. அந்த முறையில் "ப" மூன்று பைட்டுகள் ஆகிறது: `E0 AE AA`. தமிழ் எழுத்துகளும் குறிகளும் எல்லாமே இப்படி மூன்று மூன்று பைட்டுகள்தான், அதுவும் எப்போதும் `E0 AE` அல்லது `E0 AF` என்றே தொடங்கும். இப்போது படிக்கும் பக்கத்து மென்பொருள் இதை UTF-8 என்று அறியாமல், மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான Windows-1252 என்ற பழைய அட்டவணையை வைத்துப் படிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அட்டவணையில் ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து. `E0` என்றால் à, `AE` என்றால் ®, `AA` என்றால் ª. ஆக "ப" என்ற ஓர் எழுத்து "à®ª" என்று மூன்று பூச்சிகளாகத் திரையில் விழுகிறது. மேலே உள்ள வரியில் à® என்பது ஏன் அத்தனை தடவை வருகிறது என்று இப்போது புரியும். இந்த à® அல்லது à¯ கூட்டம் கூட்டமாகத் தெரிந்தால், உள்ளே இருப்பது தமிழ்தான் என்று அப்போதே சொல்லிவிடலாம். எண்கள் தப்பிப்பதற்கும் இதுதான் காரணம்: 48213 என்பது இரண்டு அட்டவணையிலும் ஒரே பைட்டுகள்.

இதிலிருந்து இன்னொன்றும் புரிகிறது, எனக்கு இதுதான் முக்கியம். அனுப்பியவர் திரையில் எல்லாம் பெரும்பாலும் சரியாகவே தெரியும். "பணம் வரவில்லை 48213" என்று அவர் எழுதினார், அனுப்பிய மடல்களில் போய்ப் பார்த்தாலும் அப்படியே இருக்கிறது. "சரியாக வரவில்லை" என்று நாம் சொன்னதும் அவர் திறந்து பார்க்கிறார், ஒரு குறையும் இல்லை, அதையே அப்படியே அனுப்புகிறார். அவர் பக்கத்திலிருந்து யோசித்தால் அதுதான் நியாயமான காரியம். அவர் கவனமில்லாமல் நடந்துகொண்டதாகக் கோபப்படுவதில் ஒரு பொருளும் இல்லை. நாம் பார்ப்பது அவருக்குத் தெரியவில்லை என்பதுதான் அந்த அதே மாதிரி இரண்டாவது மடலின் உட்பொருள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. முழுக்க அதே வரி என்றால், அவர் பழைய மடலையே எடுத்து மறுபடி அனுப்பியிருக்கலாம். அவரிடம் சேமிக்கப்பட்ட அந்தப் பிரதி ஒரே ஒரு தடவை ஏதோ காரணத்தால் கெட்டுப்போய், கெட்ட பிரதியே மறுபடி மறுபடி வருகிறது என்றும் இருக்கலாம். ஆகவே "விதிதான் தவறு" என்பதற்கு இன்னும் வலுவான சாட்சி, கொஞ்சம் மாறி வரும் இரண்டாவது மடல். அவர் மறுபடி தட்டச்சு செய்து, ஒரு சொல்லைச் சேர்த்திருக்கிறார் என்று வைப்போம்:

```
à®ªà®£à®®à¯ à®‡à®©à¯à®©à¯à®®à¯ à®µà®°à®µà®¿à®²à¯à®²à¯ˆ 48213
```

நடுவில் புதிதாக ஒரு துண்டு, ஆனால் அதுவும் à®, à¯ என்றேதான் தொடங்குகிறது. பழைய சொற்கள் முன்பு எப்படி உடைந்தனவோ அப்படியேதான் உடைந்திருக்கின்றன. மனிதர் புதிதாக எழுதினார், கருவி பழையபடியே உடைத்தது. இனிச் சந்தேகம் இல்லை. மனிதர்கள் மறுபடி தட்டச்சு செய்தால் அநேகமாக எங்காவது ஒரு இடைவெளியோ புள்ளியோ ஒரு சொல்லோ மாறும், அதனால் பார்த்தவுடன் "நகலா, புதிதாக எழுதியதா" என்று பிரித்துவிடலாம்.

அடுத்த கேள்வி: தவறு அவர் பக்கமா, நம் பக்கமா? இரண்டு மடல் ஒரே மாதிரி இருப்பது மட்டும் இதைச் சொல்லாது. இதற்கு மூல வடிவத்தைத்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலான மடல் மென்பொருள்களில் "மூலத்தைக் காட்டு" என்ற பொருளில் ஒரு தெரிவு இருக்கும். அங்கே உடல் பகுதி இப்படி இருந்தால்,

```
=E0=AE=AA=E0=AE=A3=E0=AE=AE=E0=AF=8D
```

அவரிடமிருந்து "பணம்" சரியாகத்தான் கிளம்பியிருக்கிறது, பைட்டுகள் அத்தனையும் நலம். தவறு பெயர்ச்சீட்டில் இருக்கிறது. தலைப்பகுதியில் `Content-Type` என்ற வரியில் `charset=utf-8` என்று இருக்க வேண்டும். அது இல்லாமலே இருந்தாலோ, `charset=iso-8859-1` என்று இருந்தாலோ அனுப்பிய மென்பொருள் சீட்டைத் தவறாக ஒட்டியிருக்கிறது. சீட்டு சரியாக இருந்தும் நமக்கு உடைந்து தெரிந்தால், சீட்டைப் படிக்காதது நம் மென்பொருள். மற்றவர்களின் தமிழ் மடல்கள் நன்றாகத் தெரிகின்றனவா என்று பார்த்தால் அதுவும் உறுதியாகிவிடும்.

அதற்குப் பதிலாக `=C3=A0=C2=AE=C2=AA` என்று தொடங்கினால் கதை வேறு. அங்கே à, ®, ª என்ற பூச்சிகளே எழுத்துகளாக மடலுக்குள் எழுதப்பட்டிருக்கின்றன. மடல் கிளம்பும் முன்பே, அவர் பக்கத்தில் எங்கோ எழுத்து உடைந்துவிட்டது. சில மடல்களில் உடல் பகுதி சமக்குறிகள் இல்லாமல், புரியாத நீண்ட எழுத்துச் சரமாக இருக்கும். அதற்கும் வழி உண்டு: தமிழில் தொடங்கும் மடல் என்றால் சரியானது `4K6` என்று ஆரம்பிக்கும், ஒரு தடவை உடைந்தது `w6DC` என்று ஆரம்பிக்கும். முதல் நான்கு எழுத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இனி, இரண்டாவது மடல் முதல் மடலைவிட நீளமாகவும் இன்னும் மோசமாகவும் வந்தால்? முதலில் "à®®" என்று இருந்த இடத்தில் இப்போது "Ã Â®Â®" என்று இருக்கும், மூன்று ஆறாகிவிட்டது. உடைந்த எழுத்தே இன்னொரு தடவை அதே தவறான விதி வழியாகப் போயிருக்கிறது. இது அநேகமாக எப்படி நடக்கிறதென்றால், நாம் பதில் போடும்போது கீழே அவருடைய உடைந்த வரியும் ஒட்டிக்கொண்டு போகிறது, அவர் தன் பழைய மடலைத் தேடாமல் நம் பதிலிலிருந்து அதை எடுத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறார். ஆகவே அந்த மடலை அவிழ்க்க நினைத்தால் இரண்டு அடுக்கு அவிழ்க்க வேண்டும், அல்லது அதை விட்டுவிட்டு முதல் மடலையே கையில் எடுக்க வேண்டும். இப்படி வரும்போது முதல் மடல்தான் குறைவாகக் கெட்டது. அதனால் இரண்டாவது வந்துவிட்டது என்று முதலாவதை அழித்துவிடாதீர்கள்.

பூச்சிகளுக்குப் பதிலாகக் கேள்விக்குறிகள் வரும் வகையும் உண்டு:

```
???? ???????? 48213
```

இது நிஜமான இழப்பு. தமிழ் எழுத்துக்கு இடமே இல்லாத ஓர் அட்டவணைக்கு மாற்றும்போது, தெரியாத ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுவிடுகிறார்கள். "பணம்" என்பதில் ப, ண, ம, புள்ளி என்று நான்கு குறியீடுகள், எனவே நான்கு கேள்விக்குறி. "வரவில்லை" என்பதில் எட்டு. எந்த எழுத்து இருந்தது என்பதற்கு உள்ளே எந்தத் தடயமும் மிச்சம் இல்லை, எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. இரண்டாவது மடலிலும் அதே நான்கும் எட்டும் என்றால் அதே வாசகம்தான் வந்தது என்று ஓரளவு சொல்லலாம், எண்ணிக்கை மாறினால் அவர் வேறு சொற்களில் எழுதிப் பார்த்திருக்கிறார். அதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. கட்டம் கட்டமாகத் தெரிந்தால் மட்டும் நிம்மதியாக இருக்கலாம், எழுத்து பெரும்பாலும் சரியாக வந்திருக்கிறது, நம் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். அப்புறம் `gzk; tutpy;iy` என்று ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தால் அது பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்தது. எந்த வழியில் அனுப்பினாலும் அது அப்படியேதான் வரும், ஏனென்றால் உள்ளே இருப்பதே ஆங்கில எழுத்துகள்தான்.

பூச்சி வகைக்குத் திரும்புவோம், ஏனென்றால் மீட்க முடிவது அதில்தான், இரண்டாவது மடல் கைகொடுப்பதும் அதில்தான். கொள்கை எளிது: பூச்சிகளை Windows-1252 அட்டவணைப்படி திரும்பப் பைட்டுகளாக்கி, UTF-8 என்று படிக்க வேண்டும். பைத்தானில் ஒரே வரி:

```
s.encode("cp1252").decode("utf-8")
```

ஆனால் தமிழுக்கு இது பல சமயம் பிழை சொல்லி நின்றுவிடும். காரணம், அந்தப் பழைய அட்டவணையில் ஐந்து இடங்கள் காலி: `81`, `8D`, `8F`, `90`, `9D`. அந்தப் பைட்டுகளுக்கு எழுத்தே ஒதுக்கவில்லை. நம்முடைய புள்ளி `E0 AF 8D`. உகரக் குறி `E0 AF 81`. இரண்டும் நேராகக் காலி இடத்தில் போய் விழுகின்றன. "ஏ" என்ற எழுத்தும் "ஐ" என்ற எழுத்தும் அப்படித்தான், `8F`, `90`. புள்ளியும் உகரமும் இல்லாமல் தமிழில் ஒரு வாக்கியம் எழுதுவது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள்.

காலி இடத்தில் விழுந்த பைட்டைச் சில மென்பொருள்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியாக வைத்திருக்கும், சில தூக்கி எறிந்துவிடும். வைத்திருந்தால் மீட்டுவிடலாம், `ftfy` என்ற பைத்தான் நூலகம் அந்தக் காலி இடங்களையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. எறிந்துவிட்டால் "à¯" என்று இரண்டு பூச்சி மட்டும் தனியாக நிற்கும், மூன்றாவது இருக்காது. அப்போது அந்த இடத்தில் இருந்தது புள்ளியா உகரமா என்று நாமே ஊகிக்க வேண்டும். மேலே நடுவில் சேர்ந்த சொல்லை இப்படி அவிழ்த்தால் இ, ன, ஒரு காலி, ன, ஒரு காலி, ம, ஒரு காலி என்று கிடைக்கும். மூன்று காலி இடம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய்ப்பு, மொத்தம் எட்டு. "இனுன்மு", "இனுனும்" என்று போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தால் தமிழ்ச் சொல்லாக நிற்பது "இன்னும்" ஒன்றுதான். தமிழ் படிப்பவருக்கு இது ஒரு நொடி வேலை. ஆட்பெயர், ஊர்ப்பெயர் என்றால் மட்டும் இந்த ஊகத்தை நம்பாதீர்கள், கேட்டு உறுதி செய்யுங்கள்.

இந்த இடத்தில் இரண்டாவது மடல் அதே வழியாக வந்திருந்தால் உதவாது, முதலில் விழுந்த அதே பைட்டுகள்தான் மறுபடியும் விழுந்திருக்கும். வேறு வழியாக வந்திருந்தால், உதாரணமாக முதலாவது இணையப் படிவத்திலும் இரண்டாவது மின்மடலிலும் வந்திருந்தால், ஒன்றில் காணாமல் போனது மற்றொன்றில் இருக்க வாய்ப்பு உண்டு. இரண்டையும் சேர்த்தால் முழு வரி கிடைத்துவிடும். வேறு வழியாக வந்தும் அதே மாதிரி உடைந்திருந்தால் அதுவும் ஒரு தகவல்தான்: இரண்டு வழிக்கும் பொதுவான இடத்தில் தேட வேண்டும், அதாவது அவருடைய கருவியிலோ நாம் படிக்கும் திரையிலோ.

பதில் எழுதும்போது நாங்கள் பிறகு வைத்துக்கொண்ட வழக்கம் இது. உடைந்த வரியை எழுத்தாகத் திருப்பி அனுப்பாமல், நம் திரையில் அது எப்படித் தெரிகிறது என்று படமாக எடுத்து இணைப்போம். கூடவே இரண்டே வரி: "உங்கள் மடல் எங்களிடம் இப்படித் தெரிகிறது. உங்கள் திரையில் தெரிவதைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா?" படத்துக்குள் இருக்கும் எழுத்தை எந்த அட்டவணையாலும் உடைக்க முடியாது. அந்தப் படத்தைப் பார்த்ததும்தான் பல பேருக்கு, தான் அனுப்பியது இப்படியா போய்ச் சேர்ந்தது என்றே தெரியவரும்.

அதற்கும் முன்னால் ஒன்று செய்யலாம். இரண்டு மடலிலும் மாறாமல் நின்ற 48213 என்ற எண்ணை எடுத்துத் தேடிப் பார்ப்பது. அன்று மூடிய மடலிலும் அப்படி ஓர் எண் இருந்தது. பிறகு தேடியபோது அது ரசீது எண், அவருடைய கணக்கும் நின்றுபோன பணமும் அதே பக்கத்தில் இருந்தன.